கோடு ஏன் பூச்சியத்துக்கு விழுகிறது? வரைபில் விடுபட்ட நாட்களை என்ன செய்வது

ஒரு குளத்தின் நீர்மட்டம் டிசம்பர் 4ஆம் தேதி காலை 13 அடி. 5ஆம் தேதி பூச்சியம், 6, 7லும் பூச்சியம், 8ஆம் தேதி 15 அடிக்கு மேல். இப்படியொரு கோட்டு வரைபைப் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்தில் வயல்களைக் கவனிக்கும் வட்டை விதானை யாரிடமாவது காட்டிப் பாருங்கள். “குளக்கட்டு உடைஞ்சதா தம்பி? உடைஞ்சா எட்டாம் தேதி தண்ணி எங்கால வந்தது?” என்றுதான் கேட்பார். கட்டு உடையவில்லை, தண்ணீரும் எங்கும் போகவில்லை. அந்த மூன்று நாளும் வெள்ளம் வீதிக்கு மேலால் பாய்ந்ததால் அளவுகோலைப் பார்க்க யாராலும் போக முடியவில்லை, கொப்பியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது, கணினியில் ஏற்றும்போது அந்த வெறுமை பூச்சியமாகிவிட்டது, அவ்வளவுதான்.

தரவு இல்லாத இடத்தை வரைபில் மூன்று விதமாகக் காட்டலாம். பூச்சியம் என்று போடலாம், கோட்டை அறுத்து இடைவெளி விடலாம், அல்லது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துவிடலாம். எது சரி என்பதற்கு ஒரே பதில் இல்லை. நாம் அளப்பது எப்படிப்பட்ட அளவு, அது ஏன் விடுபட்டது என்ற இரண்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரே கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நீர்மட்டத்துக்கும் மழைக்குமே வேறு வேறு பதில் வரும் என்பதால், அந்த இரண்டையும் வைத்தே பார்ப்போம்.

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, எந்தக் குளத்தின் பதிவும் அல்ல. ஆனால் மாரி மழையில் ஒரு நடுத்தரக் குளம் நடந்துகொள்ளும் விதத்தை ஒட்டியே அமைத்திருக்கிறேன். மழை மில்லிமீற்றரில், நீர்மட்டம் அடியில். இந்தக் குளத்தில் 13.5 அடியைத் தாண்டினால் மேலதிக நீர் வழிந்தோடும் வான் பாயத் தொடங்கும் என்று வைத்துக்கொள்வோம்.

| தேதி (டிசம்பர்) | மழை | நீர்மட்டம் | குறிப்பு |
|---|---|---|---|
| 1 | 0 | 11.2 | |
| 2 | 12 | 11.3 | |
| 3 | 38 | 11.8 | |
| 4 | 64 | 13.0 | |
| 5 | | | வீதியில் வெள்ளம் |
| 6 | | | வீதியில் வெள்ளம் |
| 7 | | | வீதியில் வெள்ளம் |
| 8 | 171 | 15.1 | மழைமானியில் 4ஆம் தேதிக்குப் பிறகு சேர்ந்த முழு நீரும் |
| 9 | 22 | 14.6 | |
| 10 | 0 | 14.0 | |

மழையை எங்கள் நாட்டில் காலை 8.30க்கு அளப்பது வழக்கம். ஆகவே 4ஆம் தேதிக்கு எதிரே உள்ள 64 என்பது, 3ஆம் தேதி காலை 8.30 தொடக்கம் 4ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. இதை மனதில் வைத்திருங்கள், கொஞ்சம் கீழே தேவைப்படும்.

முதலில் அந்தப் பூச்சியம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எக்செலில் உண்மையிலேயே வெறுமையாக இருக்கும் கட்டத்தை அது பூச்சியமாக வரைவதில்லை. நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் கோட்டை அங்கே அறுத்துத்தான் விடும். பிரச்சினை வருவது, கட்டம் பார்வைக்கு வெறுமையாக இருந்து உள்ளுக்குள் ஏதோ இருக்கும்போதுதான். ஒருவர் “பார்க்கவில்லை” என்பதற்கு அடையாளமாக ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார், அது எழுத்து. கோட்டு வரைபில் எக்செல் எழுத்தைப் பூச்சிய உயரத்தில் வைத்துவிடும். இன்னொருவர் ஒரு தாளில் உள்ள தரவை இன்னொரு தாளுக்கு இழுத்திருப்பார். `=Sheet1!C6` என்று எழுதும்போது C6 வெறுமையாக இருந்தால் விடையாக 0 வரும். அதைத் தவிர்க்க `=IF(Sheet1!C6="","",Sheet1!C6)` என்று எழுதுவார்கள். கட்டத்தில் எதுவும் தெரியாது, நிம்மதியாக இருக்கும். ஆனால் `""` என்பதும் எழுத்துத்தான், நீளமில்லாத எழுத்து. வரைபு மறுபடியும் பூச்சியத்துக்கே விழும். அந்த இடத்தில் எழுத வேண்டியது இது:

```
=IF(Sheet1!C6="",NA(),Sheet1!C6)
```

கட்டத்தில் `#N/A` என்று அசிங்கமாகத் தெரியும்தான், ஆனால் கோடு பூச்சியத்துக்கு விழாது. பழைய எக்செல் பதிப்புகள் `#N/A` உள்ள இடத்தைத் தாண்டி முன்பின் புள்ளிகளை இணைத்துவிடும். புதியவற்றில் அதையும் வெறுங்கட்டமாகக் கருதச் சொல்ல வழி இருக்கிறது. வரைபின் மேல் வலது சொடுக்கி Select Data போய், அங்கே Hidden and Empty Cells என்ற பொத்தானை அழுத்தினால் Gaps, Zero, Connect data points with line என்ற மூன்று தெரிவுகள் வரும், அவற்றோடு Show #N/A as empty cell என்ற தெரிவும் இருக்கும். மேலே சொன்ன மூன்று விதங்களும் இந்தப் பெட்டிக்குள்தான். பலர் வருடக்கணக்கில் எக்செல் பாவித்தும் இதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், அது இருக்கும் இடமும் அப்படி.

இதற்கெல்லாம் மேலாக, மனிதர்களே போடும் பூச்சியமும் உண்டு. படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது, அதனால் 0 போட்டுவிட்டுப் போவார்கள். இதை எந்த மென்பொருளாலும் கண்டுபிடித்துத் தர முடியாது. சில இடங்களில் பூச்சியத்துக்குப் பதிலாக -99 அல்லது 999 போடும் பழக்கம் இருக்கிறது. ஒரு வகையில் அது நல்லது, ஏனென்றால் கோடு 999 அடிக்கு ஏறினால் யாருக்கும் சந்தேகம் வரும். பூச்சியம் அப்படியல்ல. மழைக் கொப்பியில் அது பார்வைக்கு நியாயமான எண்.

நீர்மட்டத்துக்கு வருவோம். மேலே உள்ள பட்டியலில் அளந்த நாட்கள் ஏழு. அந்த ஏழையும் கூட்டினால் 91.0, ஏழால் பிரித்தால் 13.0 அடி. விடுபட்ட மூன்று நாளும் பூச்சியமாகிவிட்டால் கூட்டுத்தொகை அதே 91தான், ஆனால் பத்தால் பிரிபடும், சராசரி 9.1 அடி என்று வரும். இதில் கவனிக்க வேண்டியது, அளந்த நாட்களிலேயே ஆகக் குறைந்த மட்டம் 11.2. சராசரி அதைவிடக் குறைவாக வருகிறது! வரைபைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது நல்ல சோதனை: நீங்கள் அறிந்த ஆகக் குறைந்த அளவுக்கும் கீழே சராசரி போனால் எங்கோ போலிப் பூச்சியம் நுழைந்திருக்கிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று பேசும் கூட்டத்தில் இப்படியொரு சராசரி மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைக் கமம் செய்பவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

ஆகவே நீர்மட்டத்துக்குப் பூச்சியம் பிழை. அப்படியென்றால் இணைத்துவிடலாமா?

நீர்மட்டம் ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்குத் தொடர்ச்சியாகப் போகும் அளவு. நேற்று 11.2 அடி, நாளை 11.3 அடி என்றால் இன்று அந்த அளவில்தான் எங்கோ இருக்கும் என்று நம்ப இடமுண்டு. குளம் ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் இடையில் உள்ள எல்லா மட்டத்தையும் கடந்துதான் போக வேண்டும், தாவிப் போக முடியாது. இதனால்தான் இப்படிப்பட்ட அளவுகளில் இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதற்கே அர்த்தம் இருக்கிறது. ஜூலை மாதத்தில், மழை இல்லாமல், வயலுக்குத் தண்ணீர் விடும் துருசு மட்டும் திறந்திருக்கும் காலத்தில் ஒரு நாள் விடுபட்டால் நான் யோசிக்காமல் இணைத்துவிடுவேன். அங்கே ஒரு நாளில் மட்டம் மாறக்கூடிய அளவு கோட்டின் தடிப்புக்குள் அடங்கிவிடும்.

டிசம்பர் 5, 6, 7 அப்படியா? நேர்கோட்டால் இணைத்துப் பார்ப்போம். 4ஆம் தேதி 13.0, 8ஆம் தேதி 15.1. வித்தியாசம் 2.1 அடி, நான்கு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு அரை அடிக்குக் கொஞ்சம் கூட. அப்படியென்றால் 5ஆம் தேதி 13.5, 6ஆம் தேதி ஏறக்குறைய 14, 7ஆம் தேதி 14.6 என்று வரும். வரைபு அழகாக, ஒரே சீராக ஏறி 8ஆம் தேதி உச்சிக்குப் போய் அதன் பிறகு இறங்கும். பார்ப்பவர் என்ன புரிந்துகொள்வார்? 5ஆம் தேதி காலையில்தான் வான் பாயத் தொடங்கியது, 8ஆம் தேதிதான் உச்சம், உச்ச மட்டம் 15.1 அடி. மூன்றையும் நாம் அளக்கவில்லை. மூன்றையும் சொல்லியது கோடு.

இனி அளந்த புள்ளிகளை மட்டும் பாருங்கள். 8இலிருந்து 9க்கு அரை அடி இறங்கியிருக்கிறது, 9இலிருந்து 10க்கு இன்னும் 0.6 அடி. அதாவது நாம் 8ஆம் தேதி போய்ப் பார்த்தபோது குளம் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிக்கொண்டிருக்கும் குளம் அதற்கு முன் எங்கோ மேலே இருந்திருக்க வேண்டும். ஆகவே உச்சம் 15.1 இல்லை, அதற்கு மேல். எப்போது, எவ்வளவு என்று தெரியாது, ஆனால் அந்த வெறுமையான மூன்று கட்டங்களுக்குள்தான் அது ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். நேர்கோடு உச்சியை நறுக்கிவிட்டது.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். எங்கள் பக்கத்தில் நீர்மட்டமும் மழையும் விடுபடுவது தற்செயலாக அல்ல. வெள்ளம் வந்தால்தான் வீதி மூடும், வீதி மூடினால்தான் அளக்கப் போக முடியாது. அளவு ஆக உயரமாக இருக்கும் நாளில்தான் கொப்பி வெறுமையாக இருக்கும். அளக்கும் ஆளுக்குக் காய்ச்சல் வந்தோ, வீட்டில் கலியாணம் நடந்தோ விடுபட்ட நாளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. காய்ச்சலுக்கும் குளத்து மட்டத்துக்கும் தொடர்பில்லை, அதனால் அந்த நாளை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் பெரிய பிழை வராது. வெள்ளத்தால் விடுபட்ட நாளை அப்படி விட முடியாது. நாம் மேலே 13.0 என்று எடுத்த ஏழு நாள் சராசரிகூட உண்மையைவிடக் குறைவுதான், ஏனென்றால் ஆக உயர்ந்த நாட்கள் அதற்குள் இல்லை. பூச்சியத்தை நீக்கிவிட்டோம் என்பதால் எண் சுத்தமாகிவிடவில்லை.

ஆகவே இந்த மூன்று நாளுக்கு நான் தேர்ந்தெடுப்பது இடைவெளி. கோட்டை அறுத்துவிட்டு, அறுந்த இடத்தில் வெளிர் சாம்பல் நிறப் பட்டை ஒன்றைப் போட்டு, அதற்குள் “5–7: வீதியில் வெள்ளம், அளக்கவில்லை” என்று எழுதுவேன். வெறும் இடைவெளி மட்டும் விட்டால் பார்ப்பவர் அச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்துபோவார்.

அதற்குப் பிறகும் தேடிப் பார்க்கலாம். வெள்ளம் வற்றிய பின் வான்கட்டின் சுவரில் குப்பையும் சல்வீனியாவும் ஒதுங்கிய ஒரு தடம் இருக்கும். அதை அளவுகோலோடு ஒப்பிட்டால் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும். அப்படிப் பார்த்ததில் 16.2 அடி என்று வந்ததாக வைப்போம். இது பெறுமதியான தகவல், ஆனால் இதற்குத் தேதி இல்லை. சிலர் இதைத் தூக்கி 6ஆம் தேதிக்குள் போட்டுவிடுவார்கள், நடுவில் இருப்பதால் வசதி. அப்படிச் செய்தால் இல்லாத தேதி ஒன்றை உண்டாக்கிவிட்டோம். சாம்பல் பட்டைக்குள் 16.2 உயரத்தில், 4இலிருந்து 8 வரை நீளும் ஒரு கிடைக்கோடு போட்டு “தடத்தின்படி உச்சம், நாள் தெரியாது” என்று எழுதுவதுதான் நேர்மை. அளவு தெரியும், நாள் தெரியாது என்பதை அந்தக் கிடைக்கோடு அப்படியே சொல்லிவிடுகிறது.

சில வேளை மேலதிகாரியோ கூட்டத்தில் இருப்பவர்களோ “கோடு அறுந்து கிடக்கு, வடிவா இல்ல, சேர்த்து விடுங்க” என்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் புள்ளிக்கோடாகச் சேருங்கள். எக்செலில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. மேலே சொன்ன Gaps, Connect தெரிவு முழு வரைபுக்கும் ஒன்றுதான், ஒரு கோட்டுக்கு ஒன்று மற்றதுக்கு வேறு என்று வைக்க முடியாது. அதனால் பக்கத்தில் “மதிப்பீடு” என்று இன்னொரு நிரல் போட்டு, 4ஆம் தேதிக்கு 13.0, 8ஆம் தேதிக்கு 15.1, இடையில் கணக்கிட்ட மூன்று எண்கள், மற்ற எல்லாம் வெறுமை என்று வையுங்கள். அந்த நிரலை இரண்டாவது கோடாகச் சேர்த்து மெல்லிய புள்ளிக்கோடாக்கினால் போதும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மதிப்பிட்ட எண்கள் அளந்த எண்களின் நிரலுக்குள் ஒருபோதும் கலக்காது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்தக் கோப்பைத் திறந்தால் எது அளந்தது, எது நாம் போட்டது என்று குழம்ப மாட்டார்.

சரி, மழைக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ்.

மழை தொடர்ச்சியான அளவு அல்ல. நேற்று 38, நாளை 64 என்றால் இன்று 50 என்று சொல்ல முடியாது. இன்று வெயிலடித்திருக்கலாம். ஒவ்வொரு நாளின் மழையும் தனித்தனிக் கணக்கு. ஆகவே மழையை இணைப்பது எப்போதும் சந்தேகத்துக்குரியது. உண்மையில் நாளாந்த மழையைக் கோட்டால் வரையாமல் நிமிர்ந்த பட்டைகளாக வரைவதே நல்லது, எல்லோரும் கோடாகவே கேட்பதால்தான் இந்தப் பேச்சு.

பூச்சியம் என்பது மழைக்கு உண்மையான, அடிக்கடி வரும் பதிவு. 1ஆம் தேதியும் 10ஆம் தேதியும் உள்ள 0, ஒருவர் போய்ப் பார்த்து மழைமானியில் தண்ணீர் இல்லை என்று உறுதி செய்த பூச்சியம். 5, 6, 7ல் உள்ள வெறுமை அப்படியல்ல. இரண்டையும் ஒரே மாதிரி எழுதும் கொப்பியை யாராலும் பின்னர் திருத்த முடியாது, ஜூன் மாதத்துப் பக்கம் முழுக்க வெறுமையாகக் கிடந்தால் மழை இல்லையா ஆள் இல்லையா என்று எப்படிச் சொல்வது? அதனால் மழை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்து 0 என்று எழுதச் சொல்வது, பார்ப்பதற்கு வீண்வேலை போலத் தெரிந்தாலும், வீண்வேலை இல்லை.

இனி 8ஆம் தேதியின் 171ஐப் பாருங்கள். இது ஒரு நாள் மழை இல்லை. மழைமானி யாரும் பார்க்காவிட்டாலும் நீரைச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கும். 4ஆம் தேதி காலை 8.30 தொடக்கம் 8ஆம் தேதி காலை 8.30 வரை நான்கு நாள் நீர் அதற்குள் இருக்கிறது. 5, 6, 7க்குப் பூச்சியம் போட்டு 8க்கு 171 போட்டு வரைந்தால், வரைபு சொல்லும் கதை: மூன்று நாள் ஒரு துளி மழையில்லை, ஆனாலும் வீதி வெள்ளத்தில் மூடியது, வீதி திறந்தபிறகு ஒரே நாளில் 171 மில்லிமீற்றர் கொட்டியது. இது ஊரில் யாரும் கண்ட கதை இல்லை. ஆனால் இதே எண்களை மட்டக்களப்பைக் கண்ணால் காணாத ஒருவர் அலுவலகத்தில் இருந்து பார்த்தால், அந்த மாதத்தின் ஆகக் கூடிய ஒரு நாள் மழை 171 என்று எழுதிவிடுவார்.

சரி, நான்கால் பிரித்துப் போடலாமே? 171ஐ நான்கால் பிரித்தால் நாளொன்றுக்கு 43 அளவில். இப்போது அதற்கு எதிரான பொய் வருகிறது. 4ஆம் தேதியின் 64தான் ஆகக் கூடிய மழை, அதற்குப் பிறகு மழை தணிந்தது என்று வரைபு சொல்லும். தணிந்த மழையில் வீதி மூடுமா? அந்த 171இல் பெரும்பகுதி ஒரே இரவில் பெய்திருக்கலாம். வானிலைப் பதிவுகளில் இப்படிச் சேர்ந்த அளவை நாட்களுக்குப் பிரிக்காமல், சேர்ந்த அளவு என்று குறியிட்டு அப்படியே வைப்பதுதான் முறை. வரைபில் 5இலிருந்து 8 வரை அகலமான ஒரே பட்டையாகப் போட்டு “நான்கு நாளுக்கும் சேர்த்து 171” என்று எழுதலாம். வாளி நிரம்பி வழிவது போல மழைமானியும் நிரம்பி வழிந்திருந்தால் அந்த 171கூடக் குறைந்தபட்ச அளவுதான், அதையும் குறிக்க வேண்டும்.

சராசரி எடுப்பதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. பத்து நாள் மழையைக் கூட்டினால் 0, 12, 38, 64, 171, 22, 0, மொத்தம் 307. நாள் தெரியாவிட்டாலும் மொத்தம் சரி, ஏனென்றால் விடுபட்ட நாட்களின் நீர் 171க்குள் வந்துவிட்டது. எக்செலின் AVERAGE வெறுங்கட்டங்களை எண்ணாது, ஆகவே 307ஐ ஏழால் பிரித்து ஏறக்குறைய 43.9 என்று தரும். அது பிழை. பத்து நாள் மழையை ஏழு நாளுக்குப் பிரித்துவிட்டது. சரியான விடை 30.7. நீர்மட்டத்தில் வெறுமையைப் பூச்சியமாக்கியது பிழையான சராசரியைத் தந்தது, மழையில் அதே பூச்சியம் தற்செயலாகச் சரியான சராசரியைத் தருகிறது, வரைபை மட்டும் கெடுக்கிறது. “விடுபட்டதை எப்போதும் வெறுமையாக விடு” என்று ஒரு விதியை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு எண்ணும் எந்தக் காலத்துக்குரியது என்று கேட்காமல் இதைத் தீர்க்க முடியாது.

பூச்சியம் உண்மையா என்பதும் கேள்வியைப் பொறுத்தது. கடல் கொந்தளிப்பால் ஒரு நாள் வள்ளம் எதுவும் இறங்கவில்லை என்றால், அன்று கரைக்கு வந்த மீன் பூச்சியம் என்பது முழு உண்மை. ஆனால் “ஒரு வள்ளத்துக்கு எவ்வளவு மீன்” என்று வரைந்தால் அன்றைக்கு எண்ணே இல்லை, இடைவெளிதான். ஒரே நாள், ஒரே காரணம், இரண்டு வரைபு, இரண்டு பதில். குளத்திலும் அப்படித்தான்: அளவுகோலின் பூச்சியம் துருசின் அடிமட்டத்தில் இருந்தால், செப்டெம்பர் வரட்சியில் 0 என்று வருவது நிஜமான பதிவு, அப்போதும் குளத்தில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். தண்ணீர் அளவுகோலுக்கும் கீழே போய்விட்டால் அது விடுபட்ட நாள் இல்லை, “பூச்சியத்துக்குக் கீழ்” என்று நமக்குத் தெரிந்த நாள். வெறுமையாக விடாமல் அப்படியே எழுத வேண்டும்.

இனி கண்ணுக்கே படாத இரண்டு சிக்கல்.

முதலாவது, தரவு ஏற்றியவர் 5, 6, 7 என்ற வரிகளையே எழுதாமல் விட்டிருப்பது. கொப்பியில் எதுவும் இல்லையே, ஏன் வரி என்று நினைத்திருப்பார். அப்போது 4க்கு அடுத்த வரி 8. வெறுங்கட்டமே இல்லாததால் எந்தத் தெரிவை மாற்றினாலும் இடைவெளி வராது, எக்செல் இரண்டையும் இணைத்துவிடும். கிடை அச்சு Date axis ஆக இருந்தால் குறைந்தது நான்கு நாள் அகலமாவது தெரியும். Text axis ஆக இருந்தால் 4ம் 8ம் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி நிற்கும், ஒரே நாளில் 2.1 அடி ஏறியது போல. ஒரு கோப்பு கையில் வந்தவுடன் வரிகளை எண்ணிப் பாருங்கள். டிசம்பருக்கு 31 வரி இல்லையென்றால் வரைவதற்கு முன் தேதிகளை நிரப்புங்கள். பைதான் பாவிப்பவர்களுக்கு இது ஒரு வரி வேலை:

```
import pandas as pd
df = pd.read_csv("kulam.csv", parse_dates=["date"], index_col="date")
df = df.asfreq("D")
df["level"].plot(marker="o")
```

`asfreq("D")` இல்லாத தேதிகளை வெறுமையான வரிகளாகச் சேர்க்கும், அதன் பிறகு கோடு தானாக அறும். மழையை மாதம் மாதமாகக் கூட்டும்போது மட்டும் கவனம். `resample` செய்து `sum()` போட்டால், முழு மாதமும் தரவு இல்லாவிட்டாலும் விடை 0 என்று வரும், மழையே பெய்யாத மாதம் போல. `sum(min_count=1)` என்று எழுதினால் அந்த மாதம் வெறுமையாகவே நிற்கும். விரட்டிய பூச்சியம் கூட்டல் வழியாகத் திரும்பி வரும் வாசல் இது.

இரண்டாவது, மேலே `marker="o"` என்று போட்டதற்கான காரணம். வெள்ள நாட்களின் நடுவில், 6ஆம் தேதி மட்டும் யாரோ தோணியில் போய் அளந்துவிட்டு வந்தார் என்று வையுங்கள். 5 வெறுமை, 7 வெறுமை. கோடு வரைய இரண்டு புள்ளி வேண்டும், அந்த 6ஆம் தேதிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆகவே கோடு மட்டும் உள்ள வரைபில் அந்த அளவு தெரியவே தெரியாது. அவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த, எல்லாவற்றையும்விடப் பெறுமதியான ஒரு எண், கோப்புக்குள் இருந்துகொண்டே படத்தில் காணாமல் போகும். எக்செலிலும் இதே கதைதான், அங்கே Line with Markers வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். இடைவெளி உள்ள எந்தக் கோட்டு வரைபிலும் புள்ளிகளைப் போட்டே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம், நாட்கள் அதிகமாகி நெருக்கமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, புள்ளியைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

கொப்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண் எழுதும் நிரலுக்குள் “இல்லை”, “வெள்ளம்”, கோடு, கேள்விக்குறி எதுவும் வேண்டாம். அங்கே எண் இருக்கட்டும் அல்லது வெறுமையாக இருக்கட்டும். காரணம் பக்கத்து நிரலில் போகட்டும்: வீதியில் வெள்ளம், ஆள் சுகமில்லை, அளவுகோல் சாய்ந்துவிட்டது, நான்கு நாளுக்கும் சேர்த்து. அளந்தவருக்கு அன்றைக்கு இது நன்றாகத் தெரியும், அடுத்த மாரிக்குள் மறந்துவிடுவார், வரைபவருக்கோ முதலிலிருந்தே தெரியாது. வரையும்போது அந்த நிரலில் இருந்துதான் சாம்பல் பட்டைக்குள் எழுத வேண்டிய வாசகத்தை எடுக்கிறோம். நிரல் வெறுமையாக இருந்தால் “காரணம் பதியப்படவில்லை” என்று எழுதிவிட்டு, எதையும் இணைக்காமல் விடுங்கள்.